முப்பது டன்னும் முப்பது ஷில்லிங்கும்

பூனாவை ஒட்டிய பிம்ப்ரி பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புக்குள் எட்டிப் பார்த்தாலும் மூலையில் ஒரு பிரஸ் நிற்கும். நான்கு இரும்புத் தூண் மாதிரி ஒரு சட்டம், நடுவில் மேலிருந்து தொங்கும் குண்டு ராம், பக்கத்தில் ஒரு ஹேண்டில், நெற்றியில் பொட்டு வைத்தது போல ஒரு கேஜ். சட்டத்தின் மேல் பெயின்டில் கொட்டை எழுத்தில் ‘30 டன்’ என்று எழுதியிருக்கும். ஏதோ கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயர் எழுதியதைப் போல அவ்வளவு பெருமை.

அதை இயக்குபவரைப் பாருங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் தேறமாட்டார். ஒரு கையில் சாயா, மறு கையில் ஹேண்டில். டக்... டக்... டக்... பத்து வருஷமாக ஷாஃப்ட்டோடு திருமணமான பேரிங் ஒன்று, ‘டப்’ என்று விவாகரத்து வாங்கிக்கொண்டு கீழே விழுகிறது. சாயா சிந்தவே இல்லை!

முப்பது டன் என்றால் என்ன தெரியுமா? நல்ல வாட்டசாட்டமான ஆறு யானைகள். ஆறு யானைகளின் எடையை ஐம்பது கிலோ மனிதர் ஒற்றைக் கையால் கொடுக்கிறார் என்றால், எங்கேயோ யாரோ யாரையோ ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையா?

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இந்தக் கதையில் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் எழுதினார், செய்யவில்லை. ஒருவர் செய்தார், ஒழுகியது. ஒருவர் ஒழுகலை நிறுத்தினார், சம்பள உயர்வு கிடைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் முதல் ஆள் மட்டும்தான் இருக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

முதல் ஆள் பிளேஸ் பாஸ்கல். பிரான்ஸ்காரர். 1623-ல் பிறந்து 39 வயதில் போய்ச் சேர்ந்தவர். உடம்பு எப்போதும் படுத்தல், மூளை மட்டும் எப்போதும் ஓவர்டைம். அப்பா வரி வசூல் அதிகாரி. ராத்திரி பகலாகக் கூட்டல் கழித்தலில் மூழ்கிக் கிடந்த மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இருபது வயது நிரம்பும் முன்பே கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார் பையன். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் அப்பாவின் ஜிபே பாஸ்வேர்டை மட்டும்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இவரிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. மூளை வேலை தன்னுடையது, கால் வேலை அடுத்தவருடையது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்று அவருக்கு ஒரு யோசனை. பாதரசக் குழாயோடு மலை ஏறிப் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. பாஸ்கல் ஏறினாரா? சேச்சே! அவர் பாரிஸில் இருந்துகொண்டு அக்கா கணவருக்குக் கடிதம் போட்டார். 1648 செப்டம்பர் 19 அன்று ப்யூய் த டோம் என்ற மலைமேல், கண்ணாடிக் குழாயும் பாதரசமுமாக மூச்சிரைக்க ஏறியவர் அத்தான் ஃப்ளோரன் பெரியேதான். பாதரசம் இறங்கியது. புகழ் பாரிஸுக்கு ஏறியது.

இதே பாஸ்கல்தான் 1654 வாக்கில் திரவங்களின் சமநிலை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு பரிசோதனை வருகிறது. ஒரு மனிதர் தண்ணீருக்கு அடியில் இருபது அடி ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருக்கிறார். மறு முனை தண்ணீருக்கு மேலே. குழாய்க்குள் தண்ணீர் இல்லாததால் அந்த இடத்துத் தொடைச் சதை மட்டும் உள்ளே உப்புகிறதாம்.

சரி சார், அந்த மனிதர் மூச்சு விடுவது எப்படி? பாஸ்கல் அந்த அற்ப விஷயத்துக்குள் போகவில்லை. 1666-ல் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் மிக மரியாதையாக, ஆனால் ஊசி குத்துவது போல இதைக் கிளறினார்: அவ்வளவு ஆழத்தில் ஆளை உட்கார வைத்தது எப்படி என்றே தெரியவில்லையே, நிஜமாகவே செய்தாரா, மனசுக்குள் செய்தாரா? பாஸ்கல் பதில் சொல்லவில்லை. அவர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் புத்தகத்தில்தான் நம் பிரஸ் இருக்கிறது. எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பாத்திரம், உள்ளே முழுக்கத் தண்ணீர், அதில் இரண்டு வாய்கள். ஒன்றைவிட மற்றது நூறு மடங்கு பெரிது. இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும் பிஸ்டன்களை வையுங்கள். சின்ன பிஸ்டனை ஒரு ஆள் அழுத்தட்டும், பெரியதை நூறு பேர் அழுத்தட்டும். ஒற்றை ஆள் நூறு பேருக்குச் சமமாக நிற்பான், தொண்ணூற்றொன்பது பேர் என்றால் ஜெயித்தே விடுவான் என்கிறார் பாஸ்கல். எம்.ஜி.ஆர். படத்து க்ளைமாக்ஸை முன்னூறு வருஷம் முன்பே எழுதிவிட்டார் மனிதர்!

அதன் பின்னால் இருப்பது ரொம்ப எளிமையான சங்கதி. மூடி வைத்த திரவத்தில் ஒரு இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும், எல்லாத் திசையிலும் போய்ச் சேரும். அழுத்தம் என்பது மொத்த விசை இல்லை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் எவ்வளவு விசை என்ற கணக்கு. எனவே எவனிடம் அதிக சதுர சென்டிமீட்டர் இருக்கிறதோ அவனுக்கு மொத்தமாக அதிக விசை கிடைக்கும். அதாவது, நிலம் அதிகம் வைத்திருப்பவனுக்கே எல்லாம் போய்ச் சேருகிறது. இயற்கையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது என்பது கொஞ்சம் மனவருத்தம் தருகிறது.

இப்போது பிம்ப்ரி பிரஸ்ஸுக்கு வருவோம். நோட்டும் பேனாவும் எடுங்கள், பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் சின்ன பிஸ்டனுக்குப் பிளஞ்சர் என்று பெயர். அதன் விட்டம் 16 மில்லிமீட்டர். பெரிய பிஸ்டன்தான் ராம். விட்டம் 160 மில்லிமீட்டர். விட்டம் பத்து மடங்கு. அப்படியென்றால் விசையும் பத்து மடங்குதானே என்று வேகமாகத் தலையாட்டியவர்கள் பெஞ்சு மேல் ஏறவும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு விட்டம் என்றால் நூறு மடங்கு பரப்பு. பிளஞ்சரின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர், ராமின் பரப்பு சுமார் 200. பாஸ்கல் கேட்ட அதே நூறு!

நம் ஆள் ஹேண்டிலின் நுனியை 20 கிலோ பலத்தோடு அழுத்துகிறார். ஹேண்டில் 60 சென்டிமீட்டர் நீளம். அது சுழலும் பின்னுக்கும் பிளஞ்சருக்கும் இடையே 4 சென்டிமீட்டர்தான். ஆக, நெம்புகோல் கணக்கில் 15 மடங்கு. பிளஞ்சர் மேல் விழுவது 20 × 15 = 300 கிலோ. இதுவரை பாஸ்கலுக்கு வேலையே இல்லை, ஆர்க்கிமிடிஸ் மட்டும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

அந்த 300 கிலோ, 2 சதுர சென்டிமீட்டரில் விழுகிறது. எண்ணெய்க்குள் அழுத்தம் 300 ÷ 2 = 150. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ. கேஜின் முள் அங்கேதான் நிற்கும். அதே 150, ராமின் 200 சதுர சென்டிமீட்டரிலும் ஒன்று விடாமல் தள்ளுகிறது. 150 × 200 = 30,000 கிலோ. முப்பது டன்! சட்டத்தில் பெயின்ட் அடித்தவர் பொய் சொல்லவில்லை. சீல் உரசலில் கொஞ்சம் போகும், அதைப் பெயின்ட்டில் எழுதும் வழக்கம் இல்லை.

இருபது கிலோ போட்டு முப்பதாயிரம் எடுத்தாயிற்று. ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. நம்மூர் சீட்டுக் கம்பெனிகள்கூட இவ்வளவு துணிச்சலாக வாக்குக் கொடுத்ததில்லை. அப்படியானால் பிடி எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது.

ஹேண்டிலை ஒரு முறை முழுசாக அழுத்தினால் பிளஞ்சர் 25 மில்லிமீட்டர் இறங்கும். 5 கன சென்டிமீட்டர் எண்ணெய் வெளியே தள்ளப்படும். ஷாப்பில் ‘ஐந்து சிசி’ என்பார்கள். அந்த ஐந்து சிசி, 200 சதுர சென்டிமீட்டர் ராமுக்குப் பின்னால் போய்ப் பரவினால் ராம் எவ்வளவு நகரும்? கால் மில்லிமீட்டர். போஸ்ட் கார்டு தடிமன்! பேரிங்கை 50 மில்லிமீட்டர் தள்ளி வெளியே எடுக்க வேண்டுமானால் 200 முறை ஹேண்டில் அடிக்க வேண்டும். சாயா ஆறிப்போகும்.

கணக்கு எவ்வளவு நேர்மையானது என்று பாருங்கள். ஒரு அடிக்கு ஹேண்டிலின் நுனி 375 மில்லிமீட்டர் நகர்கிறது. 20 கிலோவை 375-ஆல் பெருக்கினால் 7,500. மறுபக்கம் 30,000 கிலோவைக் கால் மில்லிமீட்டரால் பெருக்கினால் அதுவும் 7,500. ஒரு பைசா லாபம் இல்லை. பிரஸ் வேலையை அதிகமாக்குவது கிடையாது. நிறைய தூரத்தை வாங்கிக்கொண்டு நிறைய விசையாகச் சில்லறை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். பாஸ்கல் இந்தப் பிடியையும் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். யாரும் கடைசிப் பாராவரை படிப்பதில்லை என்பது அந்தக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம்.

சரி, இவ்வளவும் தெரிந்த பாஸ்கல் உடனே ஒரு பிரஸ் செய்து, பேட்டன்ட் வாங்கி, பணக்காரராகி... அதெல்லாம் நடக்கவில்லை. 1654 நவம்பர் 23 இரவு அவருக்குப் பெரிய ஆன்மிக அனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதிக் கோட்டின் உள்துணிக்குள் தைத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு மனசு பெரும்பாலும் கடவுள் பக்கம் போய்விட்டது. புத்தகம் அச்சானது 1663-ல், அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து. பிரஸ்ஸோ, அச்சான பிறகும் 132 வருஷம் பிறக்கவே இல்லை!

ஏன்? தியரி சரி, கணக்கு சரி, இரும்பும் இருந்தது. தடுத்தது எது? ‘கச்சிதமாகப் பொருந்தும் பிஸ்டன்’ என்று பாஸ்கல் ஒரே வரியில் தாண்டிப் போனாரே, அதுதான். தண்ணீருக்குள் உட்கார்ந்தவன் மூச்சு விடுவது எப்படி என்பதைப் போல, இதுவும் அவருக்கு அற்ப விஷயம். ஆனால் பிஸ்டன் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்துவிடும். முதலாளிக்குக் கிடைப்பது முப்பது டன் விசை இல்லை, ஒரு ஷவர் பாத்.

இங்கே நுழைகிறார் இரண்டாம் ஆள், ஜோசஃப் பிராமா. 1748-ல் யார்க்‌ஷயரில் விவசாயி மகனாகப் பிறந்தவர். காலில் அடிபட்டதால் ஏர் பிடிக்க முடியாமல் தச்சு வேலைக்கு வந்தவர். லண்டனில் பணக்காரர் வீடுகளுக்குக் கக்கூஸ் பொருத்தப் போனார். ஒவ்வொன்றும் உறைபனியில் மக்கர் செய்வதைப் பார்த்து, 1778-ல் திருத்திய மாடலுக்குப் பேட்டன்ட் வாங்கினார். விசையைப் பெருக்கிய மாமனிதரின் தொழில் வாழ்க்கை ஃப்ளஷ்ஷில் தொடங்கியது. சிரிக்காதீர்கள், அதுவும் வால்வு சமாச்சாரம்தான்.

அடுத்து பூட்டு. 1784-ல் பேட்டன்ட். பிராமாவுக்குத் தன் பூட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்றால், பிக்கடில்லியில் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை வைத்துவிட்டார்கள். அறுபது வருஷத்துக்கும் மேல் யாரும் திறக்கவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, பதினாறு நாளில் ஐம்பது மணி நேரம் போல உட்கார்ந்து திறந்தே விட்டார். அத்தனை நேரம் ஒருவனைப் பக்கத்தில் உட்கார விடும் வீட்டில் திருட்டுப் போனால், தப்பு பூட்டின் மேல் இல்லை.

இந்தப் பூட்டுகளைச் செய்ய நுணுக்கமான கை வேண்டியிருந்தது. அப்படி வந்து சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன்தான் மூன்றாம் ஆள், ஹென்றி மாட்ஸ்லே. கை வைத்ததெல்லாம் துலங்கியது. சீக்கிரமே பட்டறைக்கே தலைவனானான். பிராமா வீட்டில் வேலை பார்த்த சாராவையும் கல்யாணம் செய்துகொண்டான். பட்டறை, வீடு இரண்டிலும் முதலாளியின் சிறந்த ஆட்களைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான்.

1795-ல் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பேட்டன்ட் வாங்கினார். காகிதத்தில் அற்புதம். பட்டறையில்? ராமைச் சுற்றி இறுக்கமாகப் பேக்கிங் வைத்தால் ஒழுகல் நின்றது, ராமும் நின்றது. அழுத்தத்தை எடுத்த பிறகும் கவ்விக்கொண்டு திரும்பி வராது. தளர்த்தினால் ராம் ஜோராக ஓடியது, கூடவே தண்ணீரும் ஓடியது. ஒன்று சிக்கும், இல்லையென்றால் சிந்தும். கூட்டணி ஆட்சி மாதிரி நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது.

தீர்வு ஒரு தோல் வளையம். வெட்டிப் பார்த்தால் லாடம் போல இருக்கும். லாடத்தின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கம். தண்ணீர் அந்த வாய்க்குள் புகுந்து இரண்டு உதடுகளையும் விரிக்கும். ஒரு உதடு ராமை அணைக்கும், மற்றது சிலிண்டர் சுவரில் ஒட்டும். அம்மா புடவையைப் பிடித்துக்கொண்ட குழந்தை மாதிரி, பிய்க்கப் பிய்க்க இறுகும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் பிடி தானாகத் தளரும், ராம் சமர்த்தாகத் திரும்பும். ஒழுகப் பார்க்கும் அழுத்தத்தையே கூப்பிட்டு வாசலில் செக்யூரிட்டியாக உட்கார வைத்துவிட்டார்கள்!

இது மாட்ஸ்லேயின் மூளையில் உதித்தது என்று பொறியாளர்களின் வாழ்க்கையை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்கிறார். இந்தப் பெருமைக்கு வேறு உரிமையாளர்களையும் காட்டுபவர்கள் உண்டு. வெற்றிக்கு அப்பாக்கள் அதிகம். ஒழுகிய நாட்களுக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை.

இப்போது பிராமா என்ன செய்திருக்க வேண்டும்? மாட்ஸ்லேவுக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது. 1797-ல் போய், கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் ஐயா என்றார். ஒற்றை ஆளின் பலத்தை நூறு மடங்காக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், சம்பளத்தை ஒரு ஷில்லிங்கூடப் பெருக்க முடியாது என்றார். மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தி, இங்கிலாந்தின் அடுத்த தலைமுறை எந்திரக் கலைஞர்களையே வளர்த்தெடுத்தார். ஹெச்.ஆர். வரலாற்றிலேயே இவ்வளவு காஸ்ட்லியான ‘நோ’ இருந்திருக்காது.

பிராமாவின் கடைசி அத்தியாயமும் பிரஸ்ஸோடுதான். ஹாம்ப்‌ஷயரில் ஹோல்ட் காட்டில் மரங்களை வேரோடு பிடுங்கத் தன் ஹைட்ராலிக் இயந்திரத்தை இறக்கினார். மரங்கள் நூற்றுக்கணக்கில் பல் பிடுங்கியது போல வந்தன. அறுபத்தாறு வயது முதலாளி வீட்டில் கணப்பு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். தன் இயந்திரத்தைத் தானே நின்று பார்த்து ரசிக்க வேண்டுமே! குளிரில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது, 1814 டிசம்பரில் காலமானார். அத்தானை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பாஸ்கலின் ஞானம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

பிம்ப்ரிக்குத் திரும்பலாம். தோல் போய், பாலியூரித்தேனும் நைட்ரைல் ரப்பரும் வந்துவிட்டன. தண்ணீருக்குப் பதில் எண்ணெய். அது துருப்பிடிக்க வைக்காது, உரசும் இடங்களுக்கும் மசகாகும். ஆனால் சீலின் வடிவம் அதே லாடம்தான். கடையில் போய் ‘யூ சீல்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைத் தலைகீழாகப் போடும் கலைஞர்களும் நம்மிடையே உண்டு. வாய் வெளிப்பக்கம் பார்த்தபடி சீலை மாட்டிவிட்டு, கம்பெனி மால் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். அழுத்தம் உதடுகளுக்குள் நுழைந்தால்தானே அவை விரியும்? முதுகில் குத்தினால் யார்தான் வாய் திறப்பார்கள்?

பிரஸ் மக்கர் செய்தால், அனுபவப்பட்ட ஃபிட்டர் அதைக் கழற்றுவதற்கு முன்னால் ஹேண்டிலைப் பிடித்து நாடி பார்ப்பார். லோடு ஏற்றியபின் கையை எடுத்தால் ஹேண்டில் பேய் பிடித்தது போலத் தானாக மேலே எழும்புகிறதா? பிளஞ்சருக்கும் ராமுக்கும் நடுவே எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுக்கும் டெலிவரி வால்வில் தூசி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் முள் அசையவே இல்லையா? எண்ணெய் வந்த வழியே டேங்குக்குத் திரும்புகிறது. சக்‌ஷன் வால்வு மூடவில்லை, அல்லது ரிலீஸ் வால்வை இறுக்க மறந்திருக்கிறோம். இரண்டாவதுதான் பெரும்பாலும் காரணம், அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஹேண்டில் ஸ்பிரிங் போலத் துள்ளுகிறதா? உள்ளே காற்று. எண்ணெய் 150 கிலோ அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் சுருங்கும். காற்றோ அதே அழுத்தத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கும் அடியெல்லாம் காற்றுக் குமிழை மசாஜ் செய்வதில் போய்விடும். கடைசியாக, முள் ஏறி நின்று மெல்ல இறங்குகிறது, ராமைச் சுற்றி எண்ணெய் கசிகிறது என்றால், சந்தேகமே வேண்டாம், நம் பழைய நண்பர் லாடம் ரிடையர் ஆகிவிட்டார்.

கசிவைத் தேடும்போது மட்டும் விரலை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியாக இந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். விளையாட்டில்லாமல் சொன்ன ஒரே பாரா இதுதான்.

இருநூறு முறை யார் அடிப்பது என்று கேட்பவர்களுக்காகத்தான் மோட்டார் பம்ப் வந்தது. ஹாரி விக்கர்ஸ் என்ற அமெரிக்கர் 1920-களில் செம்மைப்படுத்திய வேன் பம்ப் இதில் பேர்போனது. அவர் பெயரைத் தாங்கிய ஹைட்ராலிக் தொழிற்சாலை பிம்ப்ரியிலேயே மும்பை-பூனா சாலையை ஒட்டி இருந்தது, பிறகு ஈட்டன் என்று பெயர் மாறியது. பம்ப் வந்ததும் ஒரு புது மூடநம்பிக்கையும் கூடவே வந்தது: பம்ப்தான் பிரஷரைத் தருகிறதாம்!

தருவதில்லை. பம்ப் தருவது எண்ணெய் ஓட்டம் மட்டும். ராம் வெறுங்காற்றில் இறங்கும்போது கேஜைப் பாருங்கள், முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். ராம் ஜாப்பைத் தொட்டதும்தான் திடுக்கிட்டு எழும். பேரிங் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு பிரஷர். 12 டன்னில் நகரும் பேரிங் என்றால் நம் பிரஸ்ஸின் முள் 60-ல் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. யாரும் எதிர்க்காத இடத்தில் பலசாலி என்று ஒருவனும் கிடையாது.

இது புரியாத முதலாளிகள்தான் பெயின்ட் வாளியோடு அலைகிறார்கள். பக்கத்து ஷெட்காரன் 30 டன் வைத்திருந்தால் நான் 100 டன் வைப்பேன் என்பார்கள். சரி, வையுங்கள். அதே 150 கிலோ அழுத்தத்தில் 100 டன் வேண்டுமானால் ராமின் பரப்பு 667 சதுர சென்டிமீட்டர் ஆக வேண்டும், விட்டம் 29 சென்டிமீட்டர். அந்த விசை எல்லாம் ஜாப்பைக் கீழே தள்ளுவதைப் போலவே சட்டத்தையும் பிய்க்கும், ஆகவே தூண்களும் பின்களும் அதற்கேற்பக் குண்டாக வேண்டும். பெயின்ட்டில் மட்டும் 100 ஆக்கியவர்களின் பிரஸ்ஸில் பின்கள் வில்லாக வளைந்து முதலாளிக்கு வணக்கம் சொல்லும்.

சரி, எல்லாம் முறைப்படி செய்து 100 டன் பிரஸ்ஸும் வந்துவிட்டது, பழைய கைப் பம்ப்போடுதான். அதே 12 டன் பேரிங் வருகிறது. முள் 18-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹேண்டிலில் முன்பு 8 கிலோ கொடுத்த ஆள் இப்போது இரண்டரை கிலோ கொடுத்தால் போதும். ஆஹா, என்ன சுகம்! ஆனால் அதே ஐந்து சிசி எண்ணெய் இப்போது 667 சதுர சென்டிமீட்டரில் பரவ வேண்டும். ஒரு அடிக்கு ராம் 0.075 மில்லிமீட்டர்தான் நகரும். பேரிங் வெளியே வர முன்பு 200 அடி, இப்போது 667 அடி.

ஆகவே பிரஸ் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டில் எழுதிய டன்னைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். ராமின் விட்டம் என்ன, எந்த பிரஷரில் ரிலீஃப் வால்வு திறக்கும், ஒரு அடிக்கு எத்தனை சிசி வரும்? விட்டத்திலிருந்து பரப்பைக் கண்டுபிடித்து அதை பிரஷரால் பெருக்கினால் உண்மையான டன் தெரியும். மூன்றாவது கேள்வியை மட்டும் முதலாளி ஒருநாளும் கேட்கமாட்டார். அதன் பதில் போய்ச் சேருவது ஹேண்டிலைப் பிடித்தவரின் தோள்பட்டைக்கு. சம்பளம் கூட்டிக் கேட்க அவருக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.